சுயவிபரக் கோவையின் முதல் ஐந்து வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் சில வருடங்கள் விண்ணப்பங்களை வாசிக்கும் வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களின் பிள்ளைகள் என்று பலர் தங்கள் சுயவிபரக் கோவையைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: மேலே வரும் அந்தச் சிறு பந்தி. அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

அக்கா, இந்த ‘புரொஃபைல் சமரி’ என்று கேட்கிறார்களே, அது எங்கே வரும், எவ்வளவு நீளம்?

பெயர், தொலைபேசி இலக்கத்துக்குக் கீழே, கல்வித் தகைமைக்கு மேலே. நாலு அல்லது ஐந்து வரி. ஆங்கிலத்தில் என்றால் 60 முதல் 80 சொற்கள் வரை போதும். தமிழில் சொற்கள் ஒட்டி வருவதால் அதைவிடக் குறைவாகவே வரும். லிங்க்ட்இன்னில் About என்ற பகுதியில் 2,600 எழுத்து வரை இடம் தருவார்கள். ஆனால் ஃபோனில் பார்ப்பவருக்கு முதல் மூன்று நாலு வரிதான் விரியாமல் தெரியும். ஆகவே அங்கே முதல் மூன்று வரிக்குள்ளேயே முக்கியமான விஷயம் வந்துவிட வேண்டும்.

என்னைப் பற்றி நானே எழுதினால் பெருமை அடிப்பது போல இருக்கு. எழுதாமல் விட்டால் ஒன்றும் தெரியாதவன் மாதிரி. என்ன செய்வது?

பெருமையாகத் தெரிவது எது என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். ‘சிறந்த’, ‘நிபுணத்துவம் வாய்ந்த’, ‘கடுமையாக உழைக்கும்’, ‘நேர்மையான’ என்று எழுதும்போது உங்களுக்கு நீங்களே புள்ளி போடுகிறீர்கள். புள்ளி போடுவது வாசிப்பவரின் வேலை. அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவருக்கு மனதுக்குள் ஒரு சின்ன எரிச்சல் வரும். ‘ஏறக்குறைய 900 வகைப் பொருட்களின் கணக்கு என் பொறுப்பில்’ என்று எழுதினால் அதில் புகழ்ச்சி எதுவும் இல்லை. இருந்தாலும் வாசிப்பவர் ‘பரவாயில்லையே, பெரிய ஸ்டோர்’ என்று தானாகவே நினைப்பார்.

அதனால் நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். என்ன பொருளைக் கையாண்டீர்கள், எவ்வளவு, எங்கே, அதில் உங்கள் பங்கு எது என்ற நாலையும் எழுதுங்கள். அது நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பை விட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கஷ்டம். ‘ஏதோ கொஞ்சம் தெரியும்’ என்று சொல்லித்தான் வளர்ந்திருக்கிறோம். அதை நல்ல பழக்கம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பணிவைக் காகிதத்தில் எழுதினால், உங்கள் முகம் பார்க்காத ஒருவர் அதை அப்படியே நம்பிவிடுவார். ‘கொஞ்சம்’ என்றால் கொஞ்சம் என்றே எடுத்துக்கொள்வார்.

நான் ஒரு ஹாட்வெயார் கடை ஸ்டோரில்தான் ஆறு வருஷம் நின்றேன். எழுதுவதற்கு என்ன இருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தம்பலகாமத்துத் தம்பி ஒருவர். நகரில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் களஞ்சியத்தைப் பார்த்தவர். சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் களஞ்சியக் காப்பாளர் வேலைக்குப் போடப்போகிறேன் என்று வந்தார். அவருடைய பந்தி எப்படி மாறியது என்பதை முழுவதுமாகச் சொல்கிறேன். மற்றக் கேள்விகளில் பாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

அவர் கொண்டுவந்தது இது:

> நான் கடுமையாக உழைக்கும், நேர்மையான, குழுவாக இயங்கக்கூடிய, எந்தச் சூழலிலும் பணியாற்றக்கூடிய ஒருவர். கிடைக்கும் வாய்ப்பைப் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிப்பேன்.

இதை ஆசிரியரும் போடலாம், மின்னிணைப்பாளரும் போடலாம். களஞ்சியம் என்ற சொல்லே இல்லை. இதைச் சொன்னதும் வீட்டுக்குப் போய் மாற்றி எழுதிக்கொண்டு வந்தார்:

> களஞ்சிய முகாமைத்துவத்தில் நிபுணர். கடையின் முழு இருப்பையும் தனியாளாக நிர்வகித்து, இழப்புகளைப் பெருமளவு குறைத்தேன்.

பணிவிலிருந்து ஒரே பாய்ச்சலில் மறுகரைக்குப் போய்விட்டார். ‘பெருமளவு என்றால் எவ்வளவு தம்பி?’ என்று கேட்டேன். பதில் இல்லை. நேர்முகத் தேர்விலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

சரி என்று உட்கார்ந்து, காலையில் கடை திறந்ததிலிருந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். லொறி வரும், விலைச்சிட்டையையும் சாமானையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன், ஜி.ஆர்.என். எழுதுவேன், பின் கார்ட்டில் ஏற்றுவேன் என்றார். பொருள் வந்து சேர்ந்ததற்கு எழுதும் சிட்டைதான் ஜி.ஆர்.என். ஒவ்வொரு தட்டிலும் தொங்கும் வரவு செலவு அட்டைதான் பின் கார்ட். சீமெந்து மூடைகளைச் சுவரில் முட்டாமல், நிலத்தில் படாமல், மரப்பலகையின் மேல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் அனுப்புவேன் என்றும் சொன்னார். இதெல்லாம் அவருக்குச் சாதாரணம். தொழிற்சாலைக் களஞ்சியத்துக்கு ஆள் தேடுபவர் கேட்க ஆசைப்படுவது இவற்றைத்தான்.

எத்தனை வகைப் பொருள் என்றேன். ‘நிறைய.’ பின் கார்ட் எத்தனை என்றேன். அடுத்த நாள் எண்ணிவிட்டு வந்து 900க்குக் கொஞ்சம் மேல் என்றார். ஒரு வகைக்கு ஒரு அட்டை, ஆகவே அதுதான் கணக்கு.

அப்புறம்தான் உண்மையான விஷயம் வெளியே வந்தது. முன்பு அந்தக் கடையில் இருப்பை வருடத்துக்கு ஒரு தடவை, டிசம்பர் முடிவில்தான் எண்ணுவார்களாம். 2023இல் இவர் தானாகவே வாரத்துக்கு ஒரு தட்டு என்று எண்ணி அட்டையோடு ஒப்பிடத் தொடங்கியிருக்கிறார். வேகமாகப் போகும் ஆணி, பிவிசி மூட்டுகள், மின்குமிழ்கள் இருக்கும் தட்டுகளை மாதம் இரண்டு தடவை. 2022 முடிவில் அட்டைக்கும் எண்ணிக்கைக்கும் பொருந்தாத வகைகள் 61. 2024 முடிவில் 14. இரண்டு வருடத்துக் கணக்கெடுப்புத் தாள்களையும் ஃபோனில் படமெடுத்து வைத்திருந்தார். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் ‘எழுத என்ன இருக்கு’ என்று கேட்டார்!

உடனே அவர் எழுதியது: ‘இருப்பு வேறுபாட்டை 61இலிருந்து 14 ஆகக் குறைத்தேன்.’ இங்கேதான் நிறுத்தினேன். அந்த இரண்டு வருடத்துக்குள் வேறு ஏதாவது மாறியதா என்று கேட்டேன். 2024 நடுவில் முதலாளி களஞ்சியத்துக்கு இன்னொரு பையனை எடுத்திருக்கிறார், பின்கதவுக்கும் பூட்டுப் போட்டிருக்கிறார். அப்படியென்றால் குறைந்ததில் அவர் பங்கு பெரிது, ஆனால் முழுவதும் அவருடையது இல்லை.

இதற்குத் தமிழே ஒரு வழி வைத்திருக்கிறது. குறைத்தேன் என்றால் செய்தவன் நான். குறைந்தது என்றால் நடந்தது அது. தொடங்கியது யார் என்பதில் சந்தேகமே இல்லை, ஆகவே அங்கே ‘தொடங்கினேன்’ என்று நிமிர்ந்து எழுதலாம். விளைவுக்குக் காரணம் பல, ஆகவே அங்கே ‘குறைந்தன’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசிப்பவர் தொடர்பைப் புரிந்துகொள்வார். நீங்கள் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. கடைசியில் அனுப்பியது இதுதான்:

> களஞ்சியக் காப்பாளர். திருகோணமலை நகரில் கட்டடப் பொருள் மொத்த விற்பனைக் கடையொன்றில் 6 வருட அனுபவம். ஏறக்குறைய 900 வகைப் பொருட்களின் வரவு, வழங்கல், பின் கார்ட் பதிவுகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். மாதம் ஏறக்குறைய 100 ஜி.ஆர்.என். 2023இல் வாராந்த இருப்புச் சரிபார்ப்பைத் தொடங்கினேன்; 2022க்கும் 2024க்கும் இடையில், ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் பொருந்தாத வகைகள் 61இலிருந்து 14 ஆகக் குறைந்தன. இருப்புப் பதிவை எக்செல்லில் பராமரிப்பேன். தொழிற்சாலையின் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் பணியாற்ற விரும்புகிறேன்.

‘நான்’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுகிறது. ‘நேர்மையான’ என்பதும் போய்விட்டது. வாராவாரம் தானாகவே எண்ணிப் பார்த்தவரின் நேர்மையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் முதலாளி கணக்கு ஒன்றும் காட்ட மாட்டார். இலக்கத்துக்கு எங்கே போவது?

உங்கள் கையால் எழுதிய தாள்களில் இருக்கிறது. மேலே சொன்ன தம்பியின் ‘மாதம் 100 ஜி.ஆர்.என்.’ எப்படி வந்தது தெரியுமா? அவர் பாவித்த புத்தகம் ஒன்றில் 50 சிட்டை. மூன்று மாதத்தில் 6 புத்தகம் முடிந்திருந்தது. 300 சிட்டை, மாதம் 100. சரிபார்க்க இன்னொரு வழியாகவும் கேட்டேன்: ஒரு நாளைக்கு எத்தனை எழுதுவீர்கள்? நாலு என்றார். கடை மாதம் 26 நாள் திறந்திருக்கும், ஆகவே 104. இரண்டு வழியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ‘ஏறக்குறைய 100’ என்று தைரியமாகப் போடலாம். வெகுதூரம் விலகினால் எங்கோ நினைவு பிசகுகிறது, திரும்ப எண்ணுங்கள்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் வேலை செய்பவர்களும் இப்படியே செய்யலாம். எத்தனை அறை, சீசனில் ஒரு பின்னேரத்தில் எத்தனை பேரைப் பதிந்தீர்கள் என்று எண்ணலாம். ஆனால் சீசன் கணக்கை வருடம் முழுவதற்கும் விரித்துப் போடாதீர்கள். கிழக்குக் கரையில் மாரி மாதங்களில் எத்தனை அறை காலியாகக் கிடக்கும் என்பது நேர்முகத்தில் இருப்பவருக்கும் தெரியும். ‘மே முதல் செப்டெம்பர் வரை, நாளொன்றுக்கு 15 முதல் 20 பதிவுகள்’ என்று காலத்தையும் சேர்த்து எழுதினால் இன்னும் நம்பிக்கை வரும்.

ஒன்று மட்டும் கவனம். கடையின் விற்பனைத் தொகை, கொள்வனவு விலை, வாடிக்கையாளர் பெயர்கள் இவற்றை எழுத வேண்டாம். அவை முதலாளியின் சொத்து. பழைய இடத்தின் கணக்கை வெளியே சொல்பவர் நாளைக்கு எங்களுடையதையும் சொல்வார் என்றுதான் புதிய இடத்தில் நினைப்பார்கள். நான் அந்தக் கதிரையில் இருந்தபோது அப்படித்தான் நினைத்தேன். வகைகளின் எண்ணிக்கை, சிட்டைகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கையால் யாருக்கும் நட்டமில்லை.

நாலு பேர் சேர்ந்து செய்த வேலையை நான் செய்தேன் என்று போடலாமா?

உங்கள் பங்கைக் காட்டும் வினையைப் போடுங்கள், அப்போது இந்தச் சிக்கலே வராது. ‘நால்வர் குழுவில் வரவுப் பதிவுகள் என்னுடையவை’ என்றால் குழுவும் தெரிகிறது, உங்கள் கையும் தெரிகிறது. ‘நாங்கள் செய்தோம்’ என்று மட்டும் எழுதினால் நீங்கள் அங்கே நின்று பார்த்தவரா, செய்தவரா என்றே தெரியாது. பலர் மரியாதைக்காக ‘நாங்கள்’ போட்டுத் தங்கள் வேலையைத் தொலைத்துவிடுகிறார்கள்.

பொறுப்பாக இருந்தேன், செய்தேன், உதவினேன், பார்த்துப் பழகினேன். இந்த நாலும் ஒன்றல்ல. ‘பொறுப்பாக இருந்தேன்’ என்றால் பிழை வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள் என்று அர்த்தம். அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்களா என்று யோசித்துவிட்டு அந்தச் சொல்லைப் போடுங்கள். ‘உதவினேன்’ என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை. எதில் உதவினீர்கள் என்பது தெளிவாக இருந்தால் அதுவே வேலை செய்யும்.

சிங்களம் பேசுவேன், எழுதத் தெரியாது. ஆங்கிலம் சுமார். எப்படிப் போடுவது?

‘மும்மொழித் தேர்ச்சி’ என்று போட்டுவிட்டு, நேர்முகத்தில் ஒரு சிங்களக் கடிதத்தைக் கையில் தந்ததும் முகம் வெளிறிப்போன பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பாவமாக இருக்கும். அதே பிள்ளை, தினமும் கந்தளாயிலிருந்து வரும் லொறிச் சாரதிகளோடு சிங்களத்தில் கதைத்து வேலை வாங்கியிருக்கும். அதையே எழுதலாமே. ‘சாரதிகள், விநியோகத்தர்களுடன் சிங்களத்தில் உரையாடுவேன், விலைச்சிட்டைகளையும் மின்னஞ்சல்களையும் ஆங்கிலத்தில் வாசித்துப் பதில் எழுதுவேன்.’ மொழியின் பெயரோடு அந்த மொழியில் செய்யும் வேலையையும் சேர்த்துச் சொன்னால், சுமார், நன்று, மிக நன்று என்ற அளவுகோலே தேவையில்லை. எழுதத் தெரியாததை எழுதத் தெரியாது என்று அறிவிக்கவும் தேவையில்லை. பேசுவேன் என்றால் பேசுவேன்தான்.

திருகோணமலைக்காரருக்கு இது பெரிய பலம். மூன்று மொழி ஆட்களோடும் நாள் முழுக்கப் புழங்குவது எங்களுக்கு வழமையாகிவிட்டதால் அதை ஒரு திறமையாகவே எண்ணுவதில்லை. ஐந்து வரியில் அரை வரியையாவது இதற்குக் கொடுங்கள்.

கோணேசபுரி கம்பஸில் இப்பதான் முடித்தேன். வேலை செய்ததே இல்லை. சமரி வேண்டுமா?

வேண்டும், ஆனால் மூன்று வரி போதும். படித்த துறை, கடைசி வருடத் திட்டத்தில் நீங்கள் கையால் செய்த ஒரு பகுதி, எந்த வேலையைத் தேடுகிறீர்கள். பயிற்சிக்குப் போயிருந்தால் அந்த இடத்தில் எத்தனை மாதம், எந்த மேசையில் இருந்தீர்கள் என்று எழுதுங்கள். ‘வளர்ந்துவரும் இளம் தலைவர்’ போன்ற சொற்கள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நடுவில் இரண்டு வருஷம் வேலை இல்லை. அதை மேலேயே சொல்ல வேணுமா?

வேண்டாம். கீழே வேலை விபரத்தில் வருடங்கள் தெரியும், கேட்டால் ஒரு வசனத்தில் சொல்லுங்கள். மேலே உள்ள ஐந்து வரியில் மன்னிப்புக் கேட்க இடமில்லை. ‘6 வருட அனுபவம்’ என்று எழுதும்போது மட்டும் அந்த இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஐ’ போடலாமா?

சுயவிபரக் கோவையில் போடாமல், வினையிலேயே வசனத்தைத் தொடங்குவதுதான் வழக்கம். லிங்க்ட்இன்னில் போடலாம், அங்கே ஆளோடு ஆள் பேசுவது போலத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். தன் பெயரையே போட்டு ‘இவர் ஒரு’ என்று மூன்றாம் ஆள் போல எழுதுவதுதான் உண்மையில் பெருமையாக ஒலிக்கும். மேடையில் அறிமுகம் செய்வதற்கு அது சரி. ஆங்கிலம் கைவராவிட்டால் முதலில் தமிழில் எழுதி, இலக்கங்களும் வினைகளும் சரியா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். நேரே ஆங்கிலத்தில் தொடங்கினால் இணையத்தில் கிடக்கும் ‘டைனமிக்’, ‘ரிசல்ட் ஓரியண்டட்’ எல்லாம் கை தானாகவே எடுத்துக்கொண்டு வரும்.

ஒரே பந்தியை எல்லா இடத்துக்கும் அனுப்பலாமா?

நடுவில் உள்ள உண்மைகள் மாறாது. முதல் வரியில் உள்ள பதவிப் பெயரையும் கடைசி வரியையும் விளம்பரத்தைப் பார்த்து மாற்றுங்கள். அவர்கள் ‘ஸ்டோர் கீப்பர்’ என்று கேட்டிருந்தால் நீங்களும் அப்படியே. பத்து நிமிட வேலை.

எழுதி முடித்தேன். கூடிப்போச்சா, குறைஞ்சுபோச்சா என்று எப்படித் தெரியும்?

பக்கத்தில் நின்று வேலை செய்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அம்மாவுக்கு வேண்டாம், அம்மாவுக்கு எல்லாம் குறைவாகத்தான் தெரியும். கூட வேலை செய்தவர் எந்த வரியிலாவது சிரித்தாலோ, ‘அது நீயா செய்தாய்?’ என்று கேட்டாலோ அந்த வரி கூடிவிட்டது. ‘ஏன், அதையும் நீதானே பார்த்தாய், அதை விட்டுவிட்டாயே’ என்றால் குறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிக்கும் நேரே ‘எப்படி?’ என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் பேச முடிய வேண்டும். தம்பலகாமத்துத் தம்பியிடம் நேர்முகத்துக்கு முதல் நாள் ‘61 எப்படி 14 ஆனது?’ என்று கேட்டுப் பார்த்தேன். ஆணித் தட்டிலிருந்து தொடங்கினார். கிலோக் கணக்கில் வாங்கி எண்ணிக்கைக் கணக்கில் கொடுத்ததால்தான் அந்தத் தட்டு எப்போதும் பொருந்தாமல் இருந்தது, அட்டையிலேயே இரண்டு அளவுக்கும் இரண்டு நிரல் போட்டேன் என்றார். புதிதாக வந்த பையனையும் பின்கதவுப் பூட்டையும் தானாகவே சொன்னார். நான் மணிக்கூட்டைப் பார்க்க மறந்துவிட்டேன்.